முதல் ஸ்பொன்சர் வீடியோவுக்கு என்ன விலை: வியூஸா, கொமிசனா, ஒரே தொகையா?

அம்பாறைக் கரையோரத்தில் லேண்ட்மாஸ்டர் திருத்துவதை மட்டுமே காட்டும் ஒரு யூடியூப் சனலை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒரு வீடியோ முதல் 30 நாளில் 2,000 தரம் பார்க்கப்படுகிறது. கமெண்டில் வருகிறவர்களோ எஞ்சின் சத்தத்தைச் சொல்லிக் காரணம் கேட்பவர்கள், எந்த அளவு பெல்ட் வாங்குவது என்று கேட்பவர்கள். கல்முனையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவர், வீடியோவுக்குள் 75 விநாடி தன் கடையைப் பற்றிப் பேசச் சொல்லி விலை கேட்கிறார். ஆயிரம் வியூஸுக்கு இவ்வளவு என்று வாங்கலாம், விற்பனையில் பங்கு வாங்கலாம், அல்லது பேசி முடித்த ஒரே தொகையை வாங்கலாம். முதல் ஸ்பொன்சருக்கு ஒரே தொகைதான் சரி என்பது என் நிலைப்பாடு.

வியூஸ் கணக்கு பெரிய சனலுக்கானது. ஆயிரத்துக்கு 1,500 ரூபாய் என்று பேசினால், இந்தச் சனலுக்கு வருவது 3,000 ரூபாய். இன்னொரு குறையும் உண்டு. பொதுவாக 30 நாள் வியூஸுக்குத்தான் பணம் எண்ணுவார்கள். திருத்த வேலை வீடியோவை ஆட்கள் தேவை வரும்போதுதான் தேடுவார்கள். ஜூலையில் ஏற்றிய வீடியோவுக்கு, பெரும்போக உழவு தொடங்கும் செப்டெம்பர், ஒக்டோபரில் தான் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சதமும் கிடையாது.

கொமிசன் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். "வித்தால் உங்களுக்கும் பங்கு" என்று கடைக்காரர் சொன்னால் மறுக்க மனம் வராது. ஆனால் விற்பனையை யார், எப்படி எண்ணுவது என்பதில்தான் இந்த வழி உடைகிறது. எங்கள் பக்கத்தில் உதிரிப்பாகம் வாங்கும் விதத்தைப் பாருங்கள். பழைய பெல்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவார்கள். இல்லாவிட்டால் அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வார்கள். வீடியோவில் சொன்ன கழிவுக் குறியீட்டை கவுண்டரில் யாரும் உச்சரிக்கப்போவதில்லை. டோஹாவில் இருக்கும் மகன் வீடியோவைப் பார்த்து, அக்கரைப்பற்றில் இருக்கும் வாப்பாவுக்கு போன் பண்ணி, வாப்பா மறுநாள் கடைக்குப் போய் வாங்குவார். அந்த விற்பனைக்குக் காரணம் உங்கள் வீடியோ. பில் புத்தகத்தில் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. கடனுக்கு வாங்கி வெள்ளாமை வெட்டிய பிறகு காசு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரர் கையில் பணம் வராதவரை உங்கள் பங்கும் வராது.

வட்ஸ்அப்பில் வருகிறவர்களை மட்டும் ஓரளவு பிரித்தெடுக்கலாம். வீடியோவின் கீழ் இப்படி ஒரு இணைப்பைப் போட்டால், அழுத்தியவருக்குக் குறிச்சொல் ஏற்கெனவே எழுதப்பட்ட உரையாடல் திறக்கும். அவர் அனுப்பினால் போதும்:

```
https://wa.me/94XXXXXXXXX?text=BELT-01
```

X இருக்கும் இடத்தில், முதல் பூச்சியம் இல்லாமல் கடையின் இலக்கத்தைப் போட வேண்டும். கவுண்டருக்கு நேரே போகிறவரை இது பிடிக்காது. எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்குக் கடைக்காரரின் நேர்மையின்மை காரணமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணும் வசதியே அங்கே இல்லை. "காக்கா, வீடியோவில காட்டின பெல்ட் இருக்கா?" என்று கேட்டு வந்தவர்களைப் பற்றிக் கடைப்பையன் பேசுகிறான், ஆனால் மாதக் கடைசியில் குறியீட்டுக் கணக்கு இரண்டு என்று வருகிறது என்றால், நடந்தது இதுதான்.

இனி ஒரே தொகை. அதை வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது. கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை வேண்டும். கீழ் எல்லை உங்கள் உழைப்பு. பேச்சை எழுத, பாகத்தைப் படம் பிடிக்க, வெட்டி ஒட்ட, கடைக்காரர் கேட்கும் ஒரு திருத்தத்தைச் செய்ய இரண்டு நாள் போகும். உங்கள் நாட்கூலியை 4,000 என்று வைத்தால் 8,000. பெற்றோலும் டேட்டாவும் 1,500. ஆக 9,500. இதற்குக் கீழே போனால் உங்கள் சொந்தக் காசில் விளம்பரம் செய்கிறீர்கள்.

மேல் எல்லை கடைக்காரரின் லாபம். யூடியூப் ஸ்டூடியோவில் Key moments for audience retention என்ற வரைபடத்தைத் திறந்து, நீங்கள் பேசப்போகும் நிமிடத்தில் வழமையாக எத்தனை வீதம் பேர் மிஞ்சுகிறார்கள் என்று கடைசிப் பத்து வீடியோக்களில் பாருங்கள். 60 வீதம் என்றால் 2,000இல் 1,200 பேர். அதில் முக்கால்வாசி இலங்கையில் இருந்தால் 900. நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் 9 பேர், இருவர் என்றால் 18 பேர். பெல்ட், பில்டர், ஒயில் சேர்ந்த 6,000 ரூபாய் வியாபாரத்தில் கடைக்கு 1,500 மிஞ்சும் என்றால், லாபம் 13,500 முதல் 27,000 வரை. குறைந்த கணக்கிலும் கடைக்காரருக்குக் கைநட்டம் வராத விலையே இரண்டாம் தடவை அவரைக் கூட்டிவரும். ஆகவே 15,000 கேட்டு 13,000இல் முடிக்கலாம். இதே விற்பனைக்குப் பத்து வீதக் கொமிசன் என்றால், எல்லாம் ஒழுங்காக எண்ணப்பட்டாலும் 5,400இலிருந்து 10,800 தான்.

நூற்றுக்கு ஒருவர், இருவர் என்பது கணிப்புத்தான். பழுதான மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள் இருக்கும் சனலுக்கு அது பொருந்தலாம். சமையல், பயணம் போன்றவற்றுக்கு அப்படியே எடுத்துவிட வேண்டாம். கடையின் மிச்சத்தையும் ஊகிக்காமல் நேரே கேளுங்கள். விலையை எப்படிப் போட்டீர்கள் என்று காட்டினால் பெரும்பாலும் சொல்வார்கள். வெளிநாட்டில் பார்க்கும் கால்வாசிப் பேரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது வேண்டுமென்றுதான். பேரம் இறுகும்போது, காசு அனுப்புகிறவர்களும் அவர்கள்தான் என்று எடுத்துச் சொல்ல அது உதவும்.

ஒரே தொகையில் பிழை வருவது விலையைவிட அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதில். அரைவாசி முற்பணம், மிச்சம் வீடியோ ஏறிய அன்று. திருத்தம் ஒரு தடவை. 75 விநாடிப் பேச்சு, பழைய பெல்டைக் கழற்றிப் புதியதைக் கையில் எடுக்கும் இடத்தில் வரும். வீடியோவின் தொடக்கத்தில் வைத்தால் கேட்காமலே தள்ளிவிடுவார்கள். துண்டை வெட்டித் தன் பேஸ்புக் பக்கத்தில் காசு கொடுத்து ஓடவிடக் கடை கேட்டால் அது தனி விலை. "வேற கடையைப் பற்றிப் பேசக் கூடாது" என்றால் அதற்கும் தனி விலை, அதுவும் ஒரு போகத்துக்கு மட்டும். இந்த இரண்டையும் 13,000க்குள் சும்மா கொடுத்துவிட்டு, அடுத்த கடை வரும்போது கை கட்டப்பட்டு நிற்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஏற்றும்போது ஸ்டூடியோவில் paid promotion பெட்டியில் சரி போட மறக்க வேண்டாம். பார்க்கிறவர்களின் நம்பிக்கைக்குத்தான் கடை காசு தருகிறது.

வட்ஸ்அப் இணைப்பை ஒரே தொகையிலும் போட்டுக்கொள்ளுங்கள், பணத்துக்காக அல்ல, அடுத்த விலைக்காக. கவுண்டரில் "எங்க கேள்விப்பட்டீங்க?" என்று கேட்டு பில்லின் மூலையில் ஒரு கோடு போடக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். ஒரு போகம் முழுக்க அந்தக் கோடுகள் சேர்ந்த பிறகு, 13,000ஐ அடித்தளமாக வைத்து, 15 விற்பனைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் என்று கொமிசனையும் சேர்த்துப் பேசலாம். கொழும்பு ஏஜென்சி வியூஸ் கணக்கோடு வந்தால் அதையும் உடனே தள்ள வேண்டாம். குறைந்தபட்சத் தொகை ஒன்றை எழுதச் சொல்லுங்கள், எண்ணும் காலத்தை 30 நாளிலிருந்து 120 நாளாக்கச் சொல்லுங்கள். ஜூலை வீடியோ அப்போது ஒக்டோபர் உழவையும் தொட்டுவிடும்.