ஆணுக்கு ஒரு பலன், பெண்ணுக்கு ஒரு பலனா: 284 பேர் போதுமா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிபி மாத்திரை வாங்குகிறவர்களிடம் ஓர் ஆய்வு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை மட்டும். மறுபாதிக்கு அதோடு ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைக்கச் சொல்லும் உப்பு ஆலோசனையும் உண்டு. மேல் அழுத்தத்தில் 5 மி.மீ. வித்தியாசத்தை எதிர்பார்க்கிறோம், திட்டவிலக்கம் 15 மி.மீ. உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பான பவர் 80 சதவீதம், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் பிழைக்கு வரம்பு 5 சதவீதம் என்று கணக்கிட்டால் அணிக்கு 142 பேர், மொத்தம் 284 பேர் வேண்டும். ஆலோசனை ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு அளவில் பலிக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

தனித்தனியாகச் சோதிப்பது

பலரும் செய்வது இதுதான், மூன்றில் மோசமானதும் இதுதான். ஆண்கள் 142, பெண்கள் 142 என்று பிரித்து இரண்டு பி-மதிப்புகளைப் பார்ப்பார்கள். ஆண்களில் 6 மி.மீ. குறைவு, பி-மதிப்பு 0.017, பெண்களில் 3.5 மி.மீ., பி-மதிப்பு 0.16 என்று வந்தால் "ஆண்களுக்குப் பலிக்கிறது, பெண்களுக்கு இல்லை" என்று முடிவுரையில் ஏறிவிடும்.

ஆனால் கேட்க வேண்டியது இரண்டு பலன்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை. அது 2.5 மி.மீ.; அதன் திட்டப்பிழை 3.56. நம்பக இடைவெளி −4.5 முதல் 9.5 வரை போகிறது, பி-மதிப்பு 0.48. அதாவது, வேறுபாட்டுக்குச் சான்றே இல்லை.

இன்னும் மோசம்: இரு பாலருக்கும் உண்மையான பலன் சரிசமமாக 5 மி.மீ. என்றே வைத்தாலும், பாதி அளவுள்ள குழுவில் பவர் சுமார் 51 சதவீதம்தான். ஒரு குழு தேறி மற்றது தேறாமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 50 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று காட்டிய ஐசிஸ்-2 ஆய்வில் (1988) 17,187 பேர் இருந்தும், ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலிக்காததுபோல் வந்தது. உட்குழுக்களை எவ்வளவு நம்பலாம் என்று காட்டத்தான் அதை வெளியிட்டார்கள்.

அதே 284 பேரில் இடைவினைச் சோதனை

இரு பாலரின் பலன்களுக்கும் இடையிலான அந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் இடைவினை. அதையே நேராகச் சோதிப்பதால் கேள்வி இப்போது சரி. R மென்பொருளில் ஒரு வரி போதும்:

```
lm(sbp ~ sbp0 + arm*sex, data = d)
```

பார்க்க வேண்டியது `arm:sex` வரிசை. அணியையும் பாலினத்தையும் 0, 1 என்று குறியிட்டிருந்தால் `arm` வரிசை 0 என்ற பாலினத்துக்கு மட்டுமான பலன். அதை ஒட்டுமொத்தப் பலன் என்று அட்டவணையில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

குறை, பவரில். திட்டவிலக்கம் σ, மொத்த ஆட்கள் N என்றால் மொத்தப் பலனின் மாறுபாடு 4σ²/N. ஒவ்வொரு பாலிலும் பாதிப் பேர்தான் என்பதால் அது 8σ²/N ஆகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரண்டின் தடுமாற்றமும் கூடி 16σ²/N. எனவே இடைவினையும் 5 மி.மீ. என்றாலே நான்கு மடங்கு ஆட்கள் தேவை. நடைமுறையில் இடைவினை மொத்தப் பலனைவிடச் சிறியதாகவே இருக்கும். அது பாதியாக, 2.5 மி.மீ. என்றால், இன்னொரு நான்கு மடங்கு.

2.5 மி.மீ. இடைவினைக்கு 284 பேரில் பவர் சுமார் 11 சதவீதம். தப்பித்தவறி 'முக்கியத்துவம்' கிடைத்தாலும் மதிப்பீடு 7 மி.மீ.க்குக் குறையாது, உண்மையைப்போல் மூன்று மடங்கு. ஆகவே இந்த வழியில் பி-மதிப்பை விட்டுவிட்டு நம்பக இடைவெளியை மட்டும் எழுதுவது நேர்மையானது. "இடைவினை இல்லை" என்று எழுதக் கூடாது.

இடைவினைக்கென்றே அளவு குறிப்பது

5 மி.மீ. இடைவினைக்குச் சுமார் 1,130 பேர்; 2.5 மி.மீ.க்குச் சுமார் 4,520. ஆண், பெண் சரிபாதியாக வந்தால்தான் இந்தக் கணக்கு. பகல் நேரக் கிளினிக்கில் கூலி வேலைக்குப் போன ஆண்கள் வராமல், நூற்றுக்கு 20 பேர்தான் ஆண்கள் என்றால் பெருக்கம் 4 அல்ல, 1/(0.2 × 0.8) = 6.25. 1,130 என்பது சுமார் 1,766 ஆகிவிடும். வாசலில் வருகிறவரையெல்லாம் சேர்க்காமல், ஆண்களுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்து, மாலையிலோ ஞாயிறிலோ முகாம் போடுவது அதைவிட மலிவு.

இன்னொரு மிச்சம், ஆரம்ப அழுத்தத்தைச் சமன்பாட்டில் சேர்ப்பது (மேலே `sbp0`). ஆரம்ப, இறுதி அளவுகளின் தொடர்பு 0.6 என்றால் தேவை 0.64 மடங்காகக் குறையும்: 1,130 பேர் 723 ஆவார்கள். அந்த 0.6 நம் ஊர்த் தரவில் கிடைக்கிறதா என்று பழைய பதிவேடுகளில் முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை அளந்த பிபியில் தொடர்பு பலவீனமாகவே இருக்கும். இரண்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

ஒரே ஆளாக ஆய்வேடு செய்யும் முதுநிலை மாணவருக்கு 723 பேரே எட்டாத தூரம். அவர் 284 பேரோடு மொத்தப் பலனைக் கேட்டு, இடைவினையை இடைவெளியோடு பின்னிணைப்பில் போடட்டும். பல வட்டாரங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வென்றால் மூன்றாவது வழியைத் தவிர வேறெதற்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.