பரிவு விடுப்புக் கடிதம்: மூன்று வரி, மூன்று பத்தி, எது உதவும்?

ஊழியர் ஒருவரின் அப்பாவைத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குச் செய்தி வருகிறது, காலை விமானத்தில் கிளம்ப வேண்டும். அதற்குள் நிறுவனத்தின் சார்பில் அவர் கைக்கு ஓர் ஒப்புதல் கடிதம் போக வேண்டும். சிங்கப்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிற எனக்கு இந்த வேலை அடிக்கடி வருகிறது. மூன்று மாதிரிக் கடிதங்களையும் அனுப்பிப் பார்த்த பிறகு மூன்றாவதைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொண்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. பரிவு விடுப்பு இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை. வேலை நியமனச் சட்டம் வருடாந்தர விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் சொல்கிறது, பரிவு விடுப்பை நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால் கடிதம் எழுதுபவர் சாய்ந்துகொள்ளச் சட்டம் கிடையாது. நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறதோ அதுதான். எங்கள் விதிப்படி பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் என்றால் மூன்று வேலை நாள்.

முதல் மாதிரி, மூன்று வரிக் கடிதம். "உங்கள் பரிவு விடுப்பு 3 முதல் 5ஆம் தேதி வரை ஒப்புதல் பெற்றது. கூடுதல் விடுப்புக்குத் தனியாக விண்ணப்பிக்கவும்." வேகமாகப் போய்விடும், விதியும் மீறப்படாது. இரண்டு தெருத் தள்ளி நடக்கும் இறுதிச்சடங்குக்கு இது போதும். கடல் கடந்து போகிறவருக்குப் பற்றாது, அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இரண்டாவது, மனம் இளகி எழுதும் கடிதம். "எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், குடும்பம்தான் முக்கியம்." படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சம்பளக் கணக்குப் பார்ப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. எந்த நாள் சம்பளத்தோடு, எந்த நாள் சம்பளமில்லாமல் என்று கடிதம் சொல்லவில்லை. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், அதனால் அவர் ஒரு முடிவு எடுத்துத்தான் ஆக வேண்டும். ஊழியர் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் அந்த முடிவு அவருக்குத் தெரியும். காரியச் செலவுக்குக் கடன் வாங்கிய மாதத்தில் அப்படித் தெரிந்துகொள்வது ரொம்பக் கொடுமை. அடுத்த மாதம் இன்னொருவரின் தாயாருக்கு முடியாமல் போனால், அவருக்கும் அதே வாக்கியத்தை எழுத முடியுமா என்பதும் இருக்கிறது.

மூன்றாவது மாதிரிதான் என் தேர்வு. முதல் பத்தி பரிவு: "உங்கள் தந்தையின் உடல்நிலை அறிந்து வருந்துகிறோம், வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்னார் உங்கள் பொறுப்புகளை ஏற்றிருக்கிறார்." பொறுப்பேற்றவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அது இருந்தால் ஊழியர் விமான நிலையத்தில் உட்கார்ந்து யாருக்கும் வேலை ஒப்படைக்க வேண்டியதில்லை. நோயின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். கடிதம் கோப்பில் கிடக்கும், கணக்குப் பிரிவுக்கும் நகல் போகும், அவர்களுக்கு அது தேவையில்லை.

இரண்டாவது பத்தியில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. நான்காவது நாள் என்ன ஆகும் என்று அது சொல்லிவிட வேண்டும். எங்கள் கடிதத்தில் இப்படி இருந்தது: "3 முதல் 5 வரை பரிவு விடுப்பு. 8 முதல் 12 வரை உங்களுக்கு மீதமுள்ள 5 நாள் வருடாந்தர விடுப்பு. தேவைப்பட்டால் 15 முதல் 26 வரை சம்பளமில்லா விடுப்புக்கு இப்போதே ஒப்புதல் தருகிறோம், விண்ணப்பம் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். முன்னதாகத் திரும்பினால் எடுக்காத நாள்கள் உங்கள் கணக்கிலேயே இருக்கும்." இதில் விதியை மீறிய வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவர் எப்படியும் கேட்கக்கூடியவை, மேலாளர் எப்படியும் கொடுக்கக்கூடியவை. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு இன்னும் இரண்டு நாள் கிடைக்குமா என்று கெஞ்ச வேண்டிய நிலை மட்டும் அவருக்கு இல்லாமல் போகிறது.

கூடவே ஒரு வரி, இதைத்தான் பெரும்பாலான கடிதங்கள் விட்டுவிடுகின்றன. நோய்க்காகப் போனவர் அங்கே இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டால்? நோய்க்கு எடுத்த மூன்று நாளோடு உரிமை தீர்ந்ததா, இறப்புக்குப் புதிதாக மூன்று நாள் உண்டா? விதிப் புத்தகங்கள் பெரும்பாலும் இதில் மௌனம். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது, அதனால் கடிதம் போவதற்கு முன்பே நிர்வாக இயக்குநரிடம் கேட்டு, "துயர நிகழ்வு நேர்ந்தால் அது தனி நிகழ்வாகக் கருதப்பட்டு மேலும் மூன்று நாள் வழங்கப்படும்" என்று சேர்த்தோம். எழுதும்போதே கை கூசும். ஆனாலும் முன்பே எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் இழவு வீட்டில் இருப்பவரைத்தான் அதைக் கேட்க வைப்போம்.

அந்த வரியின் மதிப்பைக் கணக்கிலும் காட்டுகிறேன், எண்களை எளிதாக்கியிருக்கிறேன். மாதச் சம்பளம் 3,300 வெள்ளி, அந்த மாதத்தில் 22 வேலை நாள், அப்படியென்றால் நாளுக்கு 150 வெள்ளி. அப்பா 10ஆம் தேதி தவறினார். பதினாறாம் நாள் காரியம் 25ஆம் தேதி, மூத்த மகன் இல்லாமல் நடக்காது. 26ஆம் தேதி கிளம்பி, 29ஆம் தேதி வேலைக்கு வந்தார். அந்த வரி இல்லையென்றால் 15 முதல் 26 வரை 10 நாள் சம்பளமில்லா விடுப்பு, 1,500 வெள்ளி பிடித்தம். அந்த வரி இருந்ததால் 10, 11, 12 மூன்றும் பரிவு விடுப்பாக மாறின. அந்த மூன்று நாள் வருடாந்தர விடுப்பு 15, 16, 17க்கு நகர்ந்தது, சம்பளமில்லாதது 7 நாளாகக் குறைந்தது. பிடித்தம் 1,050. வித்தியாசம் 450 வெள்ளி. பிடித்தம் எப்படிப் போடப்படும் என்பதையும் கடிதத்தின் அடியில் ஒரு வரியில் எழுதிவிட்டால் மாதக் கடைசியில் யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

மூன்றாவது பத்தி ஆவணம் பற்றி. மருத்துவமனைச் சீட்டோ இறப்புச் சான்றிதழோ கேட்பது நியாயம்தான், கெடு வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்தியாவில் இறப்பைப் பதிவு செய்யவே 21 நாள் அவகாசம் இருக்கிறது. மூன்று நாளில் சான்றிதழ் அனுப்பச் சொல்லும் கடிதம் அவரை நகராட்சி அலுவலகத்துக்கு விரட்டுகிறது. "திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள்" என்று எழுதுகிறோம், இதுவரை தராமல் போனவர் எவரும் இல்லை.

மூன்றாவது மாதிரிக்கும் குறை உண்டு. எழுத அரை மணி நேரம் ஆகும், ஊழியருக்கு மீதமுள்ள விடுப்பு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், இரவு பதினொரு மணிக்கு இயக்குநர் போனை எடுக்க வேண்டும். எங்களைப் போல முப்பது பேர் உள்ள இடத்தில் அது முடிகிறது. ஆயிரம் பேர், ஷிஃப்ட் முறை, விடுப்பு எல்லாம் கணினியில் தானாக ஓடும் நிறுவனங்களில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே பத்து நாளை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது ஆள் பற்றாக்குறையாக முடியலாம். அப்படியான இடத்தில் சம்பளமில்லா நாள்களை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தனி நிகழ்வு என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.