கேஷ்லெஸ் கிடைக்காமல் கையிலிருந்து கட்டிய பணம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு லீவில் போயிருந்தபோது அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டியதாகிவிட்டது. தம்பி வேலைபார்க்கும் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் அம்மா பெயரும் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில், "அவங்களோட எங்களுக்கு டை-அப் இல்ல மேடம், பணம் கட்டிட்டு அப்புறமா கிளைம் பண்ணிக்கோங்க" என்றார்கள்.

பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் இல்லையென்றால் கிளைமே போச்சு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. ஆஸ்பத்திரி மறுப்பது கேஷ்லெஸ் வசதியை மட்டும்தான், பாலிசி அப்படியே இருக்கிறது. அட்மிஷன் தகவலை, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம்களைக் கவனிக்கும் டிபிஏ-வுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவசர அட்மிஷனுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரம்தான் கெடு. தம்பி அன்று ராத்திரியே மெயில் போட்டு இன்டிமேஷன் நம்பர் வாங்கிவிட்டான்.

டிஸ்சார்ஜ் அன்று என் கவலையெல்லாம் பில்லைப் பற்றித்தான். முதலில் 'பேக்கேஜ்' என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டுக் கொடுத்தார்கள். அதை டிபிஏ ஏற்காது, குவெரி போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். ரூம், டாக்டர், கேத் லேப், மருந்து என்று பிரித்த பில்லைக் கேட்டு, காத்திருந்து வாங்கினேன். ஸ்டென்ட் பெட்டியில் சீரியல் நம்பரோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுவும் ஸ்டென்ட் வாங்கிய இன்வாய்ஸும் இல்லையென்றால் அந்தத் தொகை நின்றுபோகும். கிளைம் ஃபார்மில் பார்ட் ஏ நாம் நிரப்புவது, பார்ட் பி ஆஸ்பத்திரி நிரப்பி சீல் வைத்துத் தருவது. வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சீலுக்காக மறுபடி அலைவது பெரிய பாடு, கையோடு வாங்கிவிடுங்கள். பணம் கட்டியது என் கார்டில்தான், ஆனால் ரசீது அம்மா பெயரில் இருந்தது. கிளைம் பணம் ஊழியரின் கணக்குக்குத்தான் வரும் என்பதால் கேன்சல் செய்த செக் தம்பியுடையது.

மொத்த பில் 2,40,000 ரூபாய். வந்தது 1,95,000. பிடித்த 45,000-க்கும் கணக்கு இருக்கிறது. பாலிசியில் ரூம் வாடகை வரம்பு நாளுக்கு 5,000, அன்று காலியாக இருந்ததோ 7,500 ரூபாய் அறை மட்டும். மூன்று நாளுக்கு வாடகை வித்தியாசம் 7,500 போயிற்று. அதோடு நிற்கவில்லை. டாக்டர் ஃபீஸ், நர்சிங், கேத் லேப் என்று வந்த 90,000-லும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு, 30,000 கழித்தார்கள். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகளில் இந்த விகிதக் கழிவு கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி, அவற்றைத் தொடவில்லை. மீதி 7,500 கையுறை மாதிரியான, பாலிசி தராத பொருட்கள். செட்டில்மென்ட் லெட்டரை வரிவரியாகப் பாருங்கள். ஸ்டென்ட் தொகையிலும் இதே விகிதத்தில் கை வைத்திருந்தால், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை வாங்கும் மாத்திரைக்கும் செக்கப்புக்கும் எங்கள் பாலிசியில் தனியாக கிளைம் போடலாம். அந்த பில்களை டாக்டர் சீட்டோடு சேர்த்துத் தம்பி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.