அட்டைப்பெட்டி சப்ளையரிடம் பேசி முடித்துக் கடிதம் அனுப்பிவிட்டீர்களா? அடுத்து வரும் பேப்பரைப் பாருங்கள்

அம்பத்தூரில் மசாலாப் பொடி தயாரிக்கும் சிறிய தொழில் எங்களுடையது. மாதம் 3,000 ஐந்து ப்ளை அட்டைப்பெட்டி தேவைப்படும். திருமுடிவாக்கம் பக்கம் உள்ள ஒரு சப்ளையரிடம் உட்கார்ந்து பேசி, அன்று மாலையே பேசியதை எல்லாம் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். பெட்டி வாங்கும் மற்றவர்களும் இதே இடத்தில் மாட்டக்கூடாது என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

கடிதத்தில் முடிவானவை தனியாக, முடிவாகாதவை தனியாக இருந்தன. பெட்டிக்கு 38 ரூபாய், எல்லாத் தாளும் 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை, எங்கள் வாசலில் இறக்கித் தரவேண்டும், பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம். இவை முடிந்தவை. கிராஃப்ட் பேப்பர் விலை ஏறினால் பெட்டி விலையை எப்படி மாற்றுவது, பெட்டியில் அச்சடிக்கப் பயன்படும் பிரிண்டிங் பிளாக் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டும் முடிவாகவில்லை. பேப்பர் விலைக்குக் கீழே, “இது முடிவாகும்வரை 38 ரூபாயே நீடிக்கும்” என்றும் எழுதியிருந்தேன்.

மறுநாள் சேல்ஸ் ஆளிடமிருந்து வாட்ஸப்பில் “ஓகே சார், நோட்டட்” என்று வந்தது. அதோடு ஆர்டரை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் ஓர் ஆர்டர் அக்னாலட்ஜ்மென்ட், ஒரே பக்கம், “உங்கள் கடிதத்தின்படி” என்ற தலைப்போடு. உள்ளே ஜிஎஸ்எம் இருக்கவேண்டிய இடத்தில் “ஸ்டாண்டர்டு” என்று இருந்தது. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், “அனுப்பும் நாளில் நிலவும் பேப்பர் விலைக்கு உட்பட்டது.” எங்கள் ஆபீஸில் அதை ஃபைலில் போட்டார்கள். சரக்கு வந்தது, பணமும் கொடுத்தோம்.

மூன்றாவது மாத பில் 42 ரூபாய்க்கு வந்தது. 12,000 ரூபாய் கூடுதல், வரி தனி. போன் செய்தால், “சார், மில்லுல ஏத்திட்டாங்க. அதுவும் பேப்பர் ரேட் முடிவாகலைன்னு உங்க லெட்டர்லயே இருக்கே?” என்கிறார். அடுத்த வரியில் 38 நீடிக்கும் என்று இருப்பதைக் காட்டினேன். “அதுக்கப்புறம் வந்த எங்க பேப்பரைப் பார்த்துத்தானே சரக்கு எடுத்தீங்க?” என்றார்.

இந்த வாதத்தை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 7-ஆம் பிரிவின்படி, ஏற்பு என்பது மாற்றமில்லாமல் முழுமையாக இருக்கவேண்டும். ஒரு நிபந்தனையை மாற்றி அனுப்பினால் அது ஏற்பு ஆகாது, எதிர் முன்மொழிவு. அதை மறுக்காமல் சரக்கை இறக்கினால், நடத்தையால் ஒப்புக்கொண்டீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கிறது. இன்னொன்று: “இரண்டு நாளில் மறுப்பு வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதுகிறோம்” என்று கடிதத்தின் கடைசியில் நிறைய பேர் எழுதுகிறார்கள். பதிலே பேசாமல் இருப்பதைப் பொதுவாகச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. “ஒப்புதல், மாற்றமில்லை” என்று அவர்கள் கையாலேயே பதில் வாங்குங்கள். “நோட்டட்” என்பதற்குப் படித்தேன் என்பதைத் தாண்டி அர்த்தம் கிடையாது.

சந்தேகம் வந்ததும் பெட்டியையும் சோதித்தோம். ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் தாள்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஒட்டியிருக்கும் பசையைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டி, நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரியான சின்னத் தராசில் நிறுத்து, கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 150 என்றால் 1.5 கிராம் இருக்கவேண்டும். உள் தாள்கள் 1.2 கிராம்தான் இருந்தன. விலையை ஏற்றியதைவிட இதுதான் எனக்குக் கோபம், ஏனென்றால் அடுக்கி வைத்த கீழ்ப்பெட்டிகள் நசுங்கி, கடைக்காரர்களிடம் பேச்சு வாங்கியது நாங்கள்.

பணத்தை நிறுத்திவைக்கலாம் என்று பார்த்தால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சப்ளையர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குமேல் தள்ள முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கில் குறை என்றால் இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை போயிருக்கவேண்டும். அப்போதுதான் அந்த 45 நாள் கணக்கு, குறையைத் தீர்த்த தேதியிலிருந்து ஓடும். போனில் சண்டை போட்டது இதில் சேராது. மூன்றாவது மாதச் சரக்குக்கு நாங்கள் தராசுப் படத்தோடு அந்த 15 நாளுக்குள் மின்னஞ்சல் அனுப்பினோம். அதனால்தான் பாதி வித்தியாசத்துக்காவது கிரெடிட் நோட் கிடைத்தது.

வேறு இடத்துக்கு மாறலாம் என்று கிளம்பியபோது பிளாக் விவகாரம் வந்தது. பிளாக் செய்த செலவில் பாதி எங்களுடையது. ஆனால் யாருக்குச் சொந்தம் என்பது முடிவாகாததால் அது அவர்களின் பிரஸ்ஸிலேயே கிடந்தது. பாக்கி முழுவதையும் தீர்த்தால்தான் தருவோம் என்றார்கள். முடிவாகாத விஷயத்தில், பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அவசரமே இல்லை. இப்போது வேறொரு சப்ளையருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரி இப்படி இருக்கிறது: “பிளாக் உரிமை முடிவாகவில்லை. முடிவாகும்வரை எங்கள் பொருளாகவே உங்களிடம் இருக்கும். கேட்ட மூன்று நாளில் திருப்பித் தரவேண்டும். இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் முடிவு. இக்கடிதத்துக்கு மாறாக எந்த ஆர்டர் அக்னாலட்ஜ்மென்ட் வந்தாலும், நாங்கள் கையெழுத்திடாமல் செல்லாது.”

அந்தப் பழைய பிளாக் இன்னும் வரவில்லை. புதிதாகவே செய்துகொண்டோம்.