திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் ஆனியில் கல்யாணம் வைக்கிறவங்க கவனத்துக்கு: எங்க 45,000 ரூபாய் போச்சு

வயிறு எரியுது, அதான் உடனே எழுதுறேன். ரதவீதிக்குள்ள இருக்கிற ஒரு கல்யாண மண்டபம் எங்ககிட்ட 45,000 ரூபாயைப் பிடிச்சுக்கிட்டுத் தர மாட்டேங்குது.

முகூர்த்தம் 2025 ஜூலை 7, அனுஷம். மறுநாள் நெல்லையப்பர் ஆனித் தேர். முன்பணம் கட்டும்போதே கேட்டோம். மேனேஜர் காலண்டரைப் புரட்டி, "தேரு மறுநாள்தான அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் வராது"ன்னார். நாள் சரிதான். ஆனா மண்டபத்தைக் காலி பண்ற கெடு 8-ஆம் தேதி காலைங்கிறதை அவர் வாயே திறக்கல. நம்பிப் பணத்தைக் கொடுத்தோம்.

தேரன்னைக்கு நாலு ரதவீதியிலும் வண்டி விடமாட்டாங்க. பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேஸ்வரர்னு அஞ்சு தேர் ஓடணும். எப்ப நிலைக்கு வரும்னு யாரும் சொல்ல முடியாது. 2024-ல் சுவாமி தேர் வடம் திரும்பத் திரும்ப அறுந்து எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு ஊருக்கே தெரியும். வாடகைப் பாத்திரம் ஏத்த வந்த டெம்போ தெருமுனையிலேயே நின்னுட்டு. அண்டாவும் அடுப்பும் மண்டபத்துக்குள்ள. அதைக் காட்டித்தான் "ரெண்டாம் நாள் வாடகை"ன்னு 45,000 ரூபாயைக் கழிச்சிட்டாங்க.

கேட்டா, "ஓனர் வரட்டும்." ஓனருக்குப் போன் போட்டா, "மேனேஜர்ட்ட பேசுங்க." நேர்ல போனா, "ரசீதுக்குப் பின்னால போட்டிருக்கே, படிக்கலையா?" பொடி எழுத்துல காலி பண்ற நேரம் இருக்கு. தேரைப் பத்தி ஒரு வரி இல்ல. 45,000 ரூபாய்ங்க!

இது வருஷா வருஷம் யாரையாவது மாட்ட வைக்கும். தேர் இங்கிலீஷ் தேதிக்கு ஓடாது. 2023-ல் ஜூலை 2, 2024-ல் ஜூன் 21, 2025-ல் ஜூலை 8. மூணும் கேட்டை நட்சத்திரம். அதுக்கு முந்தின நட்சத்திரம் அனுஷம், கல்யாணத்துக்கு எல்லாரும் தேடுற நட்சத்திரம். அதனால ஆனி அனுஷத்துல டவுன்ல முகூர்த்தம் குறிச்சா மறுநாள் தேர் வந்து நிக்க வாய்ப்பு அதிகம். பஞ்சாங்கத்துல கேட்டையைப் பார்த்துக்கிட்டு, கோயில்ல கொடியேற்ற நாளையும் கேட்டுருங்க. தேர் ஒன்பதாம் திருநாள்.

டவுன்லயே வச்சாகணும்னா, பாத்திரமும் பந்தல் சாமானும் முகூர்த்தத்தன்னைக்கு ராத்திரியே வெளியேறணும்னு சமையல்காரர்ட்டயும் வண்டிக்காரர்ட்டயும் முதல்லயே பேசிருங்க. மறுவீட்டு வேனை ரதவீதிக்கு வெளிய நிப்பாட்டச் சொல்லுங்க. "தேரால தாமதமானா கூடுதல் வாடகை இல்லை"ன்னு ரசீதுலயே எழுதி வாங்குங்க, வாய்வார்த்தை வேண்டாம்.

திருச்செந்தூர்ல வைக்கிறவங்க ஐப்பசி சஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரத்தையும், குலசை தசரா விஜயதசமி ராத்திரியையும் பார்த்துக்கோங்க. இப்ப திரும்ப அந்த மண்டபத்துக்குத்தான் போறேன்.