கீழ்க்கோட்டில் ஒரு திருப்பம், மேல்கோட்டில் ஒரு திருப்பம்: காதல் கேள்விகளுக்கு ஐ சிங்கைப் பயன்படுத்திய அனுபவம்

பல ஆண்டுகளாகக் குறி பார்க்க ஐ சிங்கைப் பயன்படுத்தி வருகிறேன். மூன்று காசுகளும் ஒரு குறிப்பேடும் தவிர இதற்கு வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை. என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காதலைப் பற்றியவை. அவற்றில் "இது திருமணத்தில் முடியுமா" என்ற வகைக் கேள்விக்கு இந்தச் சீனப் பழநூல் எனக்குப் பெரிதாக உதவியதில்லை. "இந்த உறவின் திருப்பம் எங்கே இருக்கிறது, இனி வரப்போகிறதா, கடந்துவிட்டதா" என்று கேட்டவர்களுக்கு மட்டும், மாறும் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்துச் சொல்லத்தக்க பதில் கிடைத்திருக்கிறது. ஆகவே அந்த ஒரு பயன்பாட்டைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று காசுகளைச் சேர்த்து ஆறு முறை வீச வேண்டும். நான் தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கணக்கிடுகிறேன். ஒவ்வொரு வீச்சின் கூட்டுத்தொகையும் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றாக வரும். 7 என்றால் முழுக்கோடாகிய யாங், 8 என்றால் நடுவில் உடைந்த கோடாகிய யின். இவை இரண்டும் மாறாதவை. 9 முழுக்கோடாக இருந்து உடைந்த கோடாக மாறும். 6 உடைந்த கோடாக இருந்து முழுக்கோடாக மாறும். முதல் வீச்சு அடிக்கோடு, ஆறாவது வீச்சு உச்சிக்கோடு; அதாவது உருவம் கீழிருந்து மேலாகவே வளர்கிறது. மாறும் கோட்டை மாற்றி எழுதினால் இரண்டாவது உருவம் ஒன்று கிடைக்கும். மூல நூலில் அடிக்கோட்டை 'ஒன்றாவது' என்றோ, உச்சிக்கோட்டை 'ஆறாவது' என்றோ எண்ணிட்டுக் குறிப்பதில்லை. முன்னதைத் 'தொடக்கம்' என்றும் பின்னதை 'மேல்' என்றும்தான் குறிக்கிறார்கள். இடத்தைக் காலமாகப் படிக்கும் வழக்கத்துக்கு நூலிலேயே இடமிருக்கிறது என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான சான்று.

நூலின் 64 உருவங்களில் காதலுக்கு மிக நெருக்கமானது 31ஆவதாகிய சியென். கீழ் மூன்று கோடுகள் மலை, மேல் மூன்று கோடுகள் ஏரி. மரபில் மலை இளைய மகனையும் ஏரி இளைய மகளையும் குறிக்கும். ஒருவர் மனத்தை மற்றவர் தொட்டு அசைப்பதே இதன் பொருள், பெண்ணை மணப்பது நன்மை தரும் என்பதே இதன் தீர்ப்பு. இதன் ஆறு கோடுகளும் உடலின் வழியாக மேலே ஏறுகின்றன: அசைவு முதலில் கால் பெருவிரலில், பிறகு கெண்டைக்காலில், பிறகு தொடையில், நான்காவதில் உறுப்பின் பெயர் இல்லாமல் மனம் அலைபாய்வது மட்டும் சொல்லப்படுகிறது, ஐந்தாவதில் முதுகின் மேற்புறத்துத் தசை, உச்சியில் தாடை, கன்னம், நாக்கு. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நடுவிலுள்ள நான்கு கோடுகளுக்கும் நன்மை, தீமை, வருத்தம், இழிவு என்று ஏதாவது ஒரு தீர்ப்புச் சொல் உள்ளது. பெருவிரலுக்கும் நாக்குக்கும் மட்டும் அப்படி எதுவும் இல்லை. பெருவிரல் அசைந்தால் ஆள் இன்னும் நடக்கவில்லை. நாக்கு மட்டும் அசைந்தால் பேச்சு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒன்று இன்னும் நிகழாதது, மற்றொன்று நிகழ்ந்து தீர்ந்தது. இரண்டுக்கும் தீர்ப்பளிக்க எதுவுமில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தோழி ஒருத்திக்காக வீசியபோது கீழிருந்து 6, 8, 7, 7, 7, 8 என்று வந்தது. சியென் உருவத்தில் அடிக்கோடு மட்டும் மாறி, 49ஆவதாகிய புரட்சி என்னும் உருவம் பிறந்தது. உடன் பணிபுரியும் ஒருவரைப் பற்றிய கேள்வி அது. இருவரும் இன்னும் வாய்விட்டு எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. "அப்பாவிடம் சொல்கிற நாள்தான் எங்களுக்குத் திருப்பம்" என்பது அவள் கணிப்பு. கோடு விழுந்த இடமோ வேறு சொன்னது. வீட்டில் பேசுவது இந்த உடலில் தாடைக்கும் நாக்குக்கும் உரிய செயல், மாறியதோ பெருவிரல். எனவே, பெரிய பேச்சுகளில் தேடாமல், அடுத்து வரும் நாட்களில் இருவரில் ஒருவர் எடுக்கப்போகும் ஏதோ ஒரு சிறிய முடிவைக் கவனிக்க வேண்டும் என்றும், அது காதலின் பெயரால் எடுக்கப்படாத முடிவாகக்கூட இருக்கலாம் என்றும் அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சில வாரங்களில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. காரணம் எதுவும் சொல்லாமல் அவர் அதை மறுத்துவிட்டார். அதன் பிறகு நடந்த எல்லாமே, வீட்டில் பேசியது உட்பட, அந்த மறுப்பின் தொடர்ச்சியாகத்தான் இருந்தன. அடிக்கோட்டில் பிறந்த உருவம் புரட்சி என்பதும் இங்கே பொருந்துகிறது: திருப்பம் மிகப் பெரியது, ஆனால் அது தொடங்கிய இடம் யார் கண்ணிலும் படாத அளவுக்குச் சிறியது.

இதே சியெனில் உச்சிக்கோடு மாறியிருந்தால் பிறந்திருக்கக்கூடியது 33ஆவதாகிய பின்வாங்கல். ஒரே காதல், ஒரே தொடக்க உருவம். கோடு கீழே மாறினால் புரட்சி, மேலே மாறினால் பின்வாங்கல். இடம் எவ்வளவு முக்கியம் என்று புதியவர்களுக்குக் காட்ட நான் எப்போதும் இந்த இணையைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

உச்சிக்கோட்டின் இயல்பை எனக்குத் தெளிவாக்கியது உறவுக்காரத் தம்பி ஒருவனுடைய கேள்வி. அவனுக்கு 7, 7, 8, 7, 8, 6 என்று வந்தது. இது 54ஆவதாகிய மணமாகிச் செல்லும் இளம்பெண், உச்சிக்கோடு மாறி 38ஆவதாகிய பிணக்காகிறது. அந்த உச்சிக்கோட்டின் வாசகம் கடுமையானது: பெண் கூடையை ஏந்துகிறாள், அதில் கனி இல்லை, ஆண் ஆட்டைக் குத்துகிறான், குருதி வரவில்லை, எதனாலும் பயனில்லை. மூதாதையர்க்குப் படைக்கும் சடங்கின் அசைவுகள் எல்லாம் முறையாக நடக்கின்றன, படைக்க வேண்டிய பொருள்தான் இல்லை. அவர்கள் இருவரும் அப்போதும் தினமும் இரவில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறந்தநாளுக்குப் பரிசும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவனோ, அவள் வெளிநாட்டுப் படிப்பை முடித்துத் திரும்பும் நாளில்தான் திருப்பம் வரும் என்று காத்திருந்தான். உச்சியில் மாறும் கோடு காத்திருக்கச் சொல்வதில்லை. "பேச்சில் கல்யாணம் என்ற சொல் கடைசியாக எப்போது வந்தது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, அவள் கிளம்புவதற்கு முன்பு என்றான். திருப்பம் அங்கேதான் இருந்தது. அவன் எதிர்பார்த்த நாளுக்கு வெகு முன்னால்.

நூலோடு சேர்ந்த பத்து உரைகளில் வரும் பேருரை இதைப் பற்றி நேராகவே பேசுகிறது: தொடக்கக் கோடு அறிவதற்குக் கடினம், மேல்கோடு அறிவதற்கு எளிது. நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு இதையே இக்கருவியின் மிகப் பெரிய சங்கடமாகவும் சொல்வேன். அடிக்கோடு உரிய நேரத்தில் வருகிறது, ஆனால் மங்கலாகப் பேசுகிறது. மேல்கோடு தெளிவாகப் பேசுகிறது, ஆனால் நேரம் கடந்து வருகிறது. மாற்றலை மறுப்பார் என்று பெருவிரல் கோட்டை வைத்து யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. எந்த அளவிலான நிகழ்வைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொன்னது. அதே உரை நடுக்கோடுகளையும் எடைபோடுகிறது: இரண்டாவதில் பெரும்பாலும் பாராட்டு, மூன்றாவதில் தீமை, நான்காவதில் அச்சம், ஐந்தாவதில் வெற்றி.

மூன்றாவது கோட்டுக்குச் சீன வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. ஸுவோ ஜுவான் என்னும் பழைய வரலாற்று நூலில் வருவது அது. சி நாட்டின் அமைச்சர் சுய் ஜூ, துக்கம் விசாரிக்கச் சென்ற வீட்டில் தாங் ஜியாங் என்ற கைம்பெண்ணின் அழகில் மயங்கி, அவளை மணக்கலாமா என்று குறி கேட்டார். வந்தது 47ஆவதாகிய நெருக்கடி, மூன்றாம் கோடு மாறி 28ஆவதாக ஆனது. அந்தக் கோடு சொல்வது இது: கல்லால் நெருக்கப்படுகிறான், முள்ளில் சாய்கிறான், தன் வீட்டுக்குள் நுழைகிறான், மனைவியைக் காணவில்லை, தீமை. குறி பார்த்த அலுவலர்கள் எல்லாரும் நன்மை என்றார்கள். சென் வென்சி என்பவர் மட்டும் வேண்டாம் என்றார். சுய் ஜூ கொடுத்த பதில்தான் நமக்கு முக்கியம்: அவள் கைம்பெண்தானே, அந்தத் தீமையை அவளுடைய முதல் கணவர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்.

அவர் செய்தது கோட்டின் பொருளை மறுத்தது அன்று; திருப்பத்தின் இடத்தை மாற்றியது. மூன்றாம் கோட்டை உச்சிக்கோடாகப் பாவித்து, நடந்து முடிந்த கணக்கில் தள்ளிவிட்டார். ஆனால் மூன்றாவது என்பது கீழ்ப்பாதியின் கடைசி. மேலே இன்னும் மூன்று கோடுகள் இருக்கின்றன, கதை பாதிகூடத் தாண்டவில்லை. திருமணம் நடந்தது. பிறகு நாட்டின் கோமகன் ஜுவாங்குக்கும் அவளுக்கும் தொடர்பு ஏற்பட, கி.மு. 548இல் சுய் ஜூவின் வீட்டிலேயே கோமகன் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளில், மகன்களுக்குள் எழுந்த பகையைப் பயன்படுத்திக்கொண்ட எதிரி அந்தக் குடும்பத்தையே அழித்தான். மனைவி தூக்கிட்டுக்கொண்டாள், திரும்பி வந்த சுய் ஜூ வீடே இல்லாததைக் கண்டு தானும் தூக்கிட்டுக்கொண்டார். கதை குறிக்குப் பொருத்தமாகப் பின்னால் செதுக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனாலும், கசப்பான கோடு வந்தவுடன் "அதுதான் முன்பே நடந்துவிட்டதே" என்று சொல்பவர்களை நான் நேரில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இந்த வாசிப்பு எங்கே வழுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரு மாதம் என்று கணக்கிட்டு நாள் குறிப்பவர்கள் உண்டு. என் குறிப்பேட்டில் அது ஒருபோதும் நிலைத்து நின்றதில்லை. கோட்டின் இடம் உறவு எவ்வளவு தூரம் முதிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும், நாட்காட்டியைக் காட்டாது. அடுத்து, காசு முறையில் ஒவ்வொரு கோடும் மாறுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அடியும் உச்சியும் இதில் சமம். யாரோ என்னும் செடியின் தண்டுகளால் பார்க்கும் பழைய குச்சி முறையில் அப்படி இல்லை: வந்திருப்பது யாங் கோடு என்றால் அது மாறும் வாய்ப்பு எட்டில் மூன்று, யின் கோடு என்றால் எட்டில் ஒன்று மட்டுமே. சியெனில் பெருவிரலும் நாக்கும் யின் கோடுகள் என்பதால், குச்சிகளால் பார்ப்பவருக்கு இந்த உருவத்தில் திருப்பம் அடியிலோ உச்சியிலோ விழுவது அரிது. நடுவிலுள்ள மூன்று யாங் கோடுகளில்தான் அடிக்கடி விழும். திருப்பத்தின் இடத்தையே முதன்மையாகப் படிக்கிறவர் காசையும் குச்சியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு முடிவுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. அதனால் நான் காசிலேயே நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு கோடு மட்டும் மாறுவது காசு முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான் நிகழும். இரண்டு கோடுகள் மாறினால், 12ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜூ ஷி வகுத்த விதிப்படி இரண்டையும் படித்து மேலுள்ளதையே முதன்மையாகக் கொள்கிறேன். அடியும் உச்சியும் சேர்ந்து மாறும்போது இந்த விதி மிகவும் உதவுகிறது, ஏனெனில் கேட்பவர் தானாகவே அடிக்கோட்டின் நம்பிக்கையைப் பிடித்துக்கொள்வார். மூன்று கோடுகள் மாறினால் அதே விதி இரு உருவங்களின் பொதுத் தீர்ப்புகளைப் படிக்கச் சொல்கிறது. அப்போது திருப்பம் எங்கே என்ற கேள்விக்கு இந்த வீச்சில் பதில் இல்லை என்று கேட்டவரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.