பத்து பேருக்கு வாங்கிய ஆண்டுத் திட்டம், மூன்று பேருக்குச் சுருங்கியபோது

ஈரோட்டில் மளிகை, பிஸ்கட் வகை சரக்குகளுக்கு ஏஜென்சி எடுத்து நடத்துகிறோம். சேல்ஸ்மேன்கள் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் மொபைல் ஆப் ஒன்றை 2022 ஏப்ரலிலிருந்து பயன்படுத்துகிறோம். ஆப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கோபி லைனில் சிக்னல் இல்லாத ஊரிலும் ஆர்டர் போட முடியும், மெயின் ரோட்டுக்கு வந்ததும் அதுவே ஏறிவிடும். நான் எழுத வந்தது அதற்குக் கட்டிய பணத்தைப் பற்றி.

2024 ஏப்ரல் 1-ஆம் தேதி மூன்றாம் வருடத்துக்குப் புதுப்பித்தோம். மாதாமாதம் கட்டினால் ஆளுக்கு 500 ரூபாய், வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 400. பத்து பேருக்கு 48,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 8,640, ஆக மொத்தம் 56,640 ரூபாய். ஜூலையில் பெரிய பிஸ்கட் கம்பெனி எங்கள் ஏஜென்சியை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. பவானி, பெருந்துறை லைன்கள் அதோடு போயின. சேல்ஸ்மேன்களில் ஏழு பேர் அந்தப் புது ஏஜென்சிக்கே போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, லைன் தெரிந்தவர்களுக்கு அங்கேதான் வேலை.

முதல் தப்பு நான் செய்ததுதான். செட்டிங்ஸில் `Cancel subscription` என்ற பட்டனை அழுத்தினேன். மீதிப் பணம் எவ்வளவு என்று கணக்குக் காட்டும் என நினைத்தேன். `Your plan ends on 31 March 2025` என்று ஒரே ஒரு வரிதான் வந்தது. அந்த பட்டன் அடுத்த வருடப் புதுப்பிப்பை மட்டும்தான் நிறுத்தும், கட்டிய பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழு பேரின் லாகினை முடக்கியதும் அப்படித்தான். ஆள் உள்ளே வர முடியாது, ஆனால் பில்லிங் பக்கத்தில் லைசென்ஸ் பத்து என்றே நின்றது. இந்த இரண்டையும் செய்துவிட்டு ‘ரத்து பண்ணியாச்சு’ என்று சும்மா இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நானும் பத்து நாள் அப்படித்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி சப்போர்ட்டுக்கு முதல் மெயில். கொஞ்சம் கோபமாகவே எழுதினேன். ஏழு பேருக்கு வருடம் முடிய இருக்கும் மாதங்களின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். மறுநாளே பதில்: ஆண்டுத் திட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, ஆட்களைக் குறைப்பது புதுப்பிக்கும்போதுதான் நடக்கும், விதிமுறை எட்டாம் பத்தியைப் பாருங்கள். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றும் யோசித்தேன். வணிகத்துக்கு வாங்கியதை அங்கே பொதுவாக எடுப்பதில்லை, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்குத்தான் விலக்கு. பத்து பேரை வைத்து ஏஜென்சி நடத்தியவன் அந்தக் கணக்கில் வரமாட்டேன்.

பிறகுதான் அவர்கள் பக்கம் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கில் ஏழு பேர், ஏழு மாதம், மாதம் 400 என்றால் 19,600. ஆனால் 400 என்ற விலையே பன்னிரண்டு மாதம் இருப்பேன் என்று சொன்னதற்காகக் கொடுத்தது. ஐந்து மாதத்தில் எழுந்து போகிறவனுக்கு அந்தச் சலுகை எதற்கு என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆக, ஓடிய ஐந்து மாதத்துக்கு ஏழு பேருக்கு மாத விலை 500 போட்டால் 17,500. அவர்களுக்காக நான் கட்டியது 33,600. மீதி 16,100. முதலில் கேட்டதைவிட 3,500 குறைவு, ஆனால் அவர்கள் மறுக்கக் கஷ்டமான கணக்கு.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி இரண்டாம் மெயிலை சப்போர்ட்டுக்கு அனுப்பவில்லை. வருடா வருடம் புதுப்பிப்புக்குப் போன் பண்ணும் அக்கவுண்ட் மேனேஜருக்கு அனுப்பினேன். சப்போர்ட்டில் இருக்கிறவருக்கு மறுக்கத்தான் அதிகாரம், விலையில் கை வைக்க அல்ல. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: “பத்து லைசென்ஸில் மூன்றை மார்ச் வரை வைத்துக்கொள்கிறோம். மற்ற ஏழு லைசென்ஸையும் ஆகஸ்ட் 31-ஓடு முடித்துவிடுங்கள். ஓடிய மாதங்களுக்கு உங்கள் மாத விலையையே போட்டுக்கொள்ளுங்கள், மீதி 16,100.” கூடவே பில் எண், ஏஜென்சி முடிந்ததாகக் கம்பெனி கொடுத்த கடிதம், அந்த ஏழு பேரும் ஜூலைக்குப் பிறகு உள்ளே வரவில்லை என்று காட்டும் லாகின் ரிப்போர்ட் மூன்றையும் வைத்தேன். ரீஃபண்ட் என்ற சொல்லை மெயிலில் எங்குமே போடவில்லை.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. பணமாகத் தர முடியாது, அடுத்த வருடக் கணக்கில் வரவு வைக்கிறோம் என்றார். மூன்று பேருக்கு அடுத்த வருடம் மொத்தமே 14,400 தான். அடுத்த வருடம் கடை எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாதபோது அவர்களிடம் முன்பணம் போட்டு வைப்பானேன்? வரவு வேண்டாம், தொகையில் ஆயிரம் குறைத்தாலும் பரவாயில்லை, பணமாக வேண்டும் என்றேன். ஆயிரம் குறைக்கவில்லை, சரி என்றார். செப்டம்பர் 24-ஆம் தேதி வங்கியில் 16,100 வந்தது.

வந்ததும் எனக்கு மறுபடி கோபம். ஜிஎஸ்டி எங்கே? 16,100-க்கு 18 சதவீதம் 2,898, அதையும் சேர்த்து 18,998 அல்லவா வரவேண்டும்? பில் தொகையைக் குறைத்ததற்கு அவர்கள் அனுப்பிய கிரெடிட் நோட்டைத் திறந்தால் வரி என்ற வரியே இல்லை. ஆடிட்டருக்குப் போன் போட்டேன்.

“அதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?” என்றார். “ஏப்ரல் பில்லுல கட்டின 8,640-ஐ நீங்க கட்டவேண்டிய வரியில கழிச்சு, முழுசா இன்புட் எடுத்துட்டீங்கள்ல? வரி போட்டுக் கிரெடிட் நோட்டு வந்தா 2,898-ஐ இன்புட்ல இருந்து நீங்க திருப்பிக் கட்டணும். இடது கையில வாங்கி வலது கையில குடுக்கறதுதான். இப்ப ரெண்டும் இல்லை.”

வரியில்லாத கிரெடிட் நோட்டு வந்தால் எடுத்த இன்புட் அப்படியே நிற்கும், நான் எதையும் திருப்பத் தேவையில்லை. ஆக இரண்டு வழியிலும் என் கையில் நிற்பது 16,100 தான். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் இது வேறு கதை. அவருக்கு இன்புட் கிடையாது, 2,898 உண்மையிலேயே கையைவிட்டுப் போகும். அவர்கள் வரியோடு கிரெடிட் நோட்டு கேட்டு வாங்க வேண்டும். 2024-25 பில்லுக்கு விற்றவர் அப்படிக் கொடுத்து வரியைக் குறைத்துக்கொள்ள 2025 நவம்பர் 30 வரைதான் கெடு இருந்தது, அதனால் இப்படிப்பட்ட பேச்சை இழுக்கவும் கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் நன்றாகச் சறுக்கினேன். லைசென்ஸ் குறைந்த அன்றே அந்த ஏழு பேரின் பெயர் ஃபில்டரிலிருந்து போய்விட்டது. கடைகளின் நிலுவையை நான் எப்போதும் சேல்ஸ்மேன் பெயர் வைத்துத்தான் பார்ப்பேன். தரவு அழியவில்லை, ஆனால் கடைக் கடையாகத் திறந்து எழுதி எடுக்க இரண்டு நாள் ஆனது. முந்தின நாளே எக்ஸலில் இறக்கியிருந்தால் பத்து நிமிட வேலை.

2025 மார்ச்சில் புதுப்பிக்கும்போது மூன்று பேருக்கும் மாதத் திட்டமே எடுத்தேன். வருடத்துக்கு 14,400, மாதம் 1,500. பத்து மாதமாவது ஓடினால்தான் ஆண்டுத் திட்டம் லாபம். வரியோடு மாதம் 1,770 கார்டிலிருந்து தானாகப் போகும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட ஆட்டோ டெபிட்டுக்கு ஓடிபி கேட்காது என்பதால், ஒரு நாள் முன்னால் வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை இப்போது படிக்காமல் அழிப்பதில்லை. தேயிலைக் கம்பெனி ஒன்று ஏஜென்சி பேசிக்கொண்டிருக்கிறது. அமைந்தால் இன்னும் இரண்டு பேரை ஆப்பில் சேர்ப்பேன், மாத விலையில்தான்.